ஏட்டு இருப்பும் கிடங்கு இருப்பும்

கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் நூல் கிடங்குகளில் ஒரு விசித்திரமான குறை அடிக்கடி காணப்படுகிறது. எவ்வளவு நூல் மிஞ்சும்போது ஆலைக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பதற்குத் திட்டமான விதி வகுக்கப்பட்டிருக்கிறது. அவ்விதி கணக்குப்படி சரியானதே. எழுத்தரும் அதனைத் தவறாது கடைப்பிடிக்கிறார். ஆயினும், ஆண்டின் பிற்பகுதியில் கிடங்கில் நூல் இல்லாமற் போய், நெசவாளர் வெறுங்கையோடு திரும்ப நேரிடுகிறது. விதியும் சரி, ஊழியரும் சரி என்றால், பிழை எங்கே இருக்கிறது? இதனை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக ஆராய்வோம்.

விதியின் அமைப்பு

நாற்பது நெசவாளர்களைக் கொண்ட ஒரு சங்கத்தை எண்ணிக்கொள்வோம். அனைவரும் 40-ஆம் நம்பர் நூலில் நெய்கின்றனர். பாவுக்கும் ஊடைக்குமாகச் சேர்த்து ஒருவருக்கு வாரத்துக்கு 2½ கிலோ சிட்டா நூல் வேண்டும். ஆகவே சங்கத்தின் வாரத் தேவை 100 கிலோ. அதாவது 5 கிலோ கட்டுகளாக 20 கட்டு. ஆர்டர் கொடுத்தால் ஆலையிலிருந்து நூல் வந்து சேர இரண்டு வாரம் ஆகிறது. அந்த இரண்டு வாரத்தில் சராசரியாக 40 கட்டு செலவாகும்.

ஆனால் சராசரி என்பது எல்லா வாரத்துக்கும் பொருந்துவதன்று. சில வேளை இரண்டு வாரத்தில் 34 கட்டு போதும். வேறு சில வேளை 46 கட்டு வேண்டியிருக்கும். மிக அரிதாக 48 கட்டும் ஆகலாம். இந்த ஏற்றத்துக்கு ஈடு கொடுக்கவே 10 கட்டு மிகுதியாக வைக்கப்படுகிறது. இதனைக் காப்பிருப்பு எனலாம். செலவுக்கு 40, காப்பிருப்பு 10, ஆக 50 கட்டு. இருப்பு 50 கட்டாகக் குறைந்த அன்று 80 கட்டுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பதே சங்கத்தின் விதி. 48 கட்டு செலவான காலத்திலும் கையில் 2 கட்டு மிஞ்சும். ஆதலின் விதியில் குற்றம் காண்பதற்கு இடமில்லை.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருப்பு 50 கட்டாகிவிட்டது என்பதை எழுத்தர் எப்படி அறிகிறார்? கிடங்கினுள் சென்று ஒவ்வொரு கட்டாக எண்ணியா? அன்று. இருப்புப் பதிவேட்டில் வரவைக் கூட்டி, வழங்கலைக் கழித்து, மீதியைப் பார்த்து அறிகிறார். எனவே விதியை இயக்குவது ஏட்டு இருப்பு. நெசவாளருக்கு நூல் தருவதோ கிடங்கு இருப்பு. இவ்விரண்டும் ஒன்றாக இருக்கும் வரையில்தான் விதி பயன் தரும்.

சிட்டம் இரண்டு

இவ்விரண்டும் பிரிவது எங்ஙனம்? களவு என்றே பலரும் உடனே எண்ணுவர். பெரும்பாலும் அது காரணமன்று. நாம் கிடங்குகளில் காணும் காரணங்கள் மிக எளியவை.

நெசவாளருக்கு 2½ கிலோ நிறுக்கும்போது, ஓரிரு சிட்டங்கள் அறுந்தும் சிக்குண்டும் இருக்கும். அதற்கு ஈடாக எழுத்தர் இரண்டு சிட்டம் சேர்த்துப் போடுகிறார். இது நியாயமான செயலே. 40-ஆம் நம்பர் நூலில் ஒரு ராத்தலுக்கு 40 சிட்டம். ஆகவே ஒரு சிட்டத்தின் எடை 11 கிராமுக்குச் சற்று மேல். இரண்டு சிட்டம் ஏறத்தாழ 23 கிராம். பதிவேட்டிலோ 2½ கிலோ என்றே எழுதப்படுகிறது. நாற்பது பேருக்கு இவ்வாறு கொடுத்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 1 கிலோ நூல் ஏட்டுக்குத் தெரியாமல் வெளியே போகிறது.

எலி கடித்த சிட்டம், கூரை ஒழுக்கால் கறை படிந்த கட்டு, ஆலையிலிருந்தே எடை குறைந்து வந்து நிறுக்கப்படாமல் வரவு வைக்கப்பட்ட கட்டு ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஈரமும் ஒரு காரணமாகும். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. நூறு பங்கு உலர்ந்த பருத்தி நூலுக்கு 8½ பங்கு ஈரம் என்பது வாணிபத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. மழைக்காலத்தில் நிறுத்து வாங்கிய நூல் கோடையில் உலர்ந்து எடை குறைகிறது. நூலின் நீளம் குறைவதில்லை. ஆனால் எடை பார்த்து வழங்குவதால், அதே 2½ கிலோவுக்கு அதிகச் சிட்டங்கள் செலவாகி, இருப்பு முன்னதாகத் தீர்ந்துவிடுகிறது.

இவை அனைத்தையும் பதியப்படாத சேதாரம் என்று ஒரு பெயரால் குறிப்பிடுவோம். நமது எடுத்துக்காட்டில் மற்றவற்றை விடுத்து, அந்த 1 கிலோவை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்வோம். அது வாரத் தேவையில் நூற்றுக்கு ஒரு பங்கு. ஐந்து வாரத்துக்கு ஒரு கட்டு. இதனை யாரும் பெரிதாக நினைக்க மாட்டார்கள்.

காப்பிருப்பு கரையும் விதம்

ஏப்ரல் முதல் தேதி ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு முடிந்து, ஏடும் கிடங்கும் ஒத்திருப்பதாகக் கொள்வோம். அன்று முதல் வாரம் ஒரு கிலோ மறைவாகக் குறைகிறது.

ஜூன் இறுதியில் 13 வாரங்கள் கழிந்திருக்கும். இடைவெளி 2.6 கட்டு. ஏட்டில் 50 கட்டு என்று கண்டு எழுத்தர் ஆர்டர் கொடுக்கும் நாளில், கிடங்கில் உள்ளது 47.4 கட்டு. காப்பிருப்பு பத்திலிருந்து 7.4 ஆகிவிட்டது. இரண்டு வாரத்தில் 46 கட்டு செலவானாலும் தட்டுப்பாடு இல்லை. ஆகவே ஒருவரும் ஒன்றும் உணர்வதில்லை.

செப்டம்பர் இறுதியில் இடைவெளி 5.2 கட்டு. ஏடு 50 என்னும்போது கிடங்கில் 44.8 இருக்கிறது. இப்போது 46 கட்டு வேண்டிய காலம் வந்தால் ஒரு கட்டுக்கு மேல் பற்றாது. ஒரு நாள், இரண்டு நாள் தாமதம் என்ற அளவில் இது நேர்வதால், லாரி வரத் தாமதமாயிற்று என்று சொல்லிவிடுவார்கள்.

டிசம்பர் இறுதியில் இடைவெளி 7.8 கட்டு. ஆர்டர் நாளன்று கிடங்கில் உள்ளது 42.2 கட்டு மட்டுமே. பொங்கலையொட்டித் தறிகள் விரைந்து ஓடி 46 கட்டு தேவைப்பட்டால், 3.8 கட்டு, அதாவது 19 கிலோ குறைகிறது. ஏழெட்டு நெசவாளர்களின் ஒரு வார நூல் அது. கூலி கைக்கு வர வேண்டிய காலத்தில் அவர்களுடைய தறிகள் ஓய்ந்து நிற்கும்.

மார்ச் நடுவில் 50 வாரங்கள் ஆகின்றன. இடைவெளி சரியாக 10 கட்டு. காப்பிருப்பு முழுவதும் போய்விட்டது. ஏட்டில் 50, கிடங்கில் 40. அந்த நாற்பது சராசரிச் செலவுக்கு மட்டுமே போதும். செலவு சராசரியை மீறும் ஒவ்வொரு முறையும் நூல் தீரும். அதாவது இரண்டு ஆர்டருக்கு ஒன்றில் தட்டுப்பாடு. விதியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. எழுத்தரின் கவனமும் குறையவில்லை. ஆயினும் காப்பிருப்புடன் நடந்த சங்கம், காப்பிருப்பே இல்லாத சங்கமாக மாறிவிட்டது.

ஏன் இவ்வாறு நூற்றுக்கு ஒன்று இவ்வளவு பெரிய தீங்காகிறது? சேதாரம் மொத்தச் செலவோடு ஒப்பிடும்போது சிறியது. ஆனால் அது அரிப்பது மொத்தச் செலவை அன்று, காப்பிருப்பை மட்டுமே. பத்து கட்டுக்கு எதிரே வாரம் ஒரு கிலோ என்று வைத்துப் பார்த்தால் அதன் வேகம் விளங்கும். மேலும், செலவின் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று ஈடு செய்யும். இந்த வாரம் கூடினால் அடுத்த வாரம் குறையும். சேதாரமோ எப்போதும் ஒரே திசையில் செல்வது. அது தானாகத் திரும்புவதில்லை.

யுன் காங், ஸ்டான்லி கெர்ஷ்வின் என்ற இருவர் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை இதனையே ஆராய்கிறது. கணக்கில் தெரியாத சிறு சேதாரமும் கொள்முதல் முறையைக் குலைத்துக் கடுமையான தட்டுப்பாட்டை உண்டாக்கும் என்றும், சரக்கு இல்லாமையால் வரும் நஷ்டம் சேதாரமான சரக்கின் மதிப்பைவிட மிகப் பெரிதாக இருக்கக்கூடும் என்றும் அவர்கள் காட்டினர். பெரிய விற்பனை நிலையங்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டதாயினும், நமது கிடங்குகளுக்கும் அது அப்படியே பொருந்தும்.

உறைந்து நிற்கும் ஏடு

வேகமாகச் செலவாகும் நூலில் விளைவது தட்டுப்பாடு. சில நாளில் லாரி வந்ததும் தீர்ந்துவிடும். மெதுவாக விற்கும் சரக்கில் விளைவது இதனினும் கொடியது. உழவர் அங்கத்தினர்களுக்குப் பழக்கமான துத்தநாக சல்பேட்டை எடுத்துக்கொள்வோம்.

ஒரு சங்கத்தின் விற்பனை நிலையத்தில் வாரத்துக்கு 10 கிலோ பை இரண்டு விற்கிறது. வந்து சேர இரண்டு வாரம். அதற்கு 4 பை, காப்பிருப்பு 2 பை. ஏட்டில் 6 பை ஆனதும் 12 பைக்கு ஆர்டர் என்பது விதி. ஈரம் பட்டு இறுகிய பையும், கிழிந்து கொட்டிய பையும் மாதத்துக்கு ஒன்று வீதம் எறியப்படுகின்றன, ஏட்டில் எழுதப்படுவதில்லை. ஏழு மாதத்தில் இடைவெளி 7 பை ஆகிறது.

இப்போது நடப்பதைக் கவனியுங்கள். பைகள் ஒவ்வொன்றாக விற்று, கிடங்கில் கடைசிப் பையும் போய்விடுகிறது. அந்த நேரத்தில் ஏட்டில் 7 பை இருக்கிறது. ஆர்டர் கொடுக்க வேண்டிய எல்லை 6. இனி ஒரு பையாவது விற்றால்தான் ஏடு ஆறுக்கு இறங்கும். ஆனால் விற்பதற்கு ஒரு பையும் இல்லை! ஆகவே ஏடு ஏழிலேயே நின்றுவிடுகிறது, ஆர்டரும் போவதில்லை. நடவுக் காலத்தில் உழவர் வந்து கேட்டு, இல்லை என்று கேட்டுத் திரும்புவார். யாராவது கிடங்கை நேரில் பார்த்து ஏட்டைத் திருத்தும் வரையில், வாரங்களும் மாதங்களும் இந்நிலை நீடிக்கும்.

இதில் மற்றொரு தீமையும் உண்டு. வாங்காமல் திரும்பியவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை. ஆண்டு முடிவில் விற்பனைக் கணக்கைப் பார்ப்பவர், இச்சரக்கு சில மாதங்களாக விற்கவே இல்லை, அங்கத்தினருக்கு இது வேண்டியதில்லை போலும் என்று முடிவு செய்து, அடுத்த ஆண்டுக் கொள்முதலைக் குறைத்துவிடுவார். கிடங்கில் நேர்ந்த குறை உழவரின் தேவையில் நேர்ந்த குறையாக எழுதப்பட்டுவிடுகிறது.

நூலுக்கும் இதே கதி நேரலாம். ஆனால் அதற்கு இடைவெளி 50 கட்டுக்கு மேல் வளர வேண்டும். நமது கணக்கில் சரிபார்ப்பே இல்லாமல் ஐந்து ஆண்டுக்குக் கிட்ட ஆகும். எல்லை சிறியதாக உள்ள சரக்கு சில மாதத்திலேயே உறைந்துவிடும். சாயப்பொருள், அதிகம் போகாத நிறத்தில் சாயமேற்றிய நூல், தெளிப்பான் உதிரிச் சாமான்கள் ஆகியவற்றில் முதலில் பார்க்க வேண்டியது இதையே.

நோயை அறிவது எப்படி?

தட்டுப்பாடு என்றவுடன் நிர்வாகக் குழுவில் இரு கருத்துகள் எழுவது வழக்கம். ஆலை தாமதம் செய்கிறது என்பர் சிலர். எல்லையை ஐம்பதிலிருந்து அறுபதாக உயர்த்த வேண்டும் என்பர் வேறு சிலர். இவற்றுள் எது உண்மை, அல்லது மறைவான சேதாரமே காரணமா என்பதை ஒரே ஒரு கேள்வியால் அறியலாம். நூல் தீர்ந்துபோன அந்த நாளில் ஏட்டில் எவ்வளவு மீதி இருந்தது?

ஆலை தாமதித்திருந்தாலும், எல்லை போதாதிருந்தாலும், கிடங்கு காலியான நாளில் ஏடும் காலியாகவே இருக்கும். ஏட்டில் மீதி காட்டினால், அந்த மீதியே பதியப்படாத சேதாரத்தின் அளவு. நமது எடுத்துக்காட்டில் டிசம்பர் இறுதியில் நெசவாளர் திரும்பிப் போகும்போது ஏட்டில் ஏறத்தாழ 8 கட்டு இருக்கும். அத்தேதிகளையும் மீதிகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினால் இரண்டாவது அடையாளமும் தெரியும். சரிபார்ப்புக்குப் பின் சில மாதங்கள் தட்டுப்பாடு இல்லை. நாள் செல்லச் செல்ல அது மிகுகிறது. ஏட்டு மீதியும் கூடிக்கொண்டே வருகிறது. ஆலையின் தாமதம் இப்படி ஒழுங்காக வளர்வதில்லை.

எல்லையை உயர்த்துவதில் பயனே இல்லையா எனில், ஓரளவு உண்டு. எல்லை அறுபதானால் மார்ச்சிலும் 10 கட்டு காப்பாக நிற்கும். ஆனால் ஏப்ரலில் தேவைக்கு இரட்டிப்பான காப்பிருப்பு கிடந்து, 10 கட்டுக்குரிய சங்கப் பணம் முடங்கும். சேதாரம் மறைந்தே தொடரும். என்றேனும் அது மிகுந்தால் அறுபதும் போதாது.

செய்யத்தக்கது

முதலாவது, எண்ணும் நாளை மாற்றிக்கொள்வது. ஆண்டுக்கு ஒரு முறை மார்ச் 31-ஆம் தேதி கிடங்கு முழுவதையும் எண்ணுவது தணிக்கைக்கு வேண்டியது. ஆனால் காப்பிருப்பைக் காக்க அது போதாது. புதிய நூல் லாரியிலிருந்து இறங்குமுன் கிடங்கில் உள்ளதை எண்ணுங்கள். அப்போது கிடங்கில் பத்துக் கட்டளவே இருக்கும். அதனை எண்ணக் கால்மணி நேரம் போதும். நமது சங்கத்துக்கு நான்கு வாரத்துக்கு ஒரு முறை நூல் வருகிறது. ஆகவே ஒவ்வொரு வரவிலும் எண்ணி ஏட்டைத் திருத்தினால், இடைவெளி ஒரு போதும் ஒரு கட்டைத் தாண்டாது. பத்து கட்டுக் காப்பிருப்பில் ஒன்பதாவது எப்போதும் உண்மையாக நிற்கும். எண்ணும்போது பிரிக்காத கட்டுகளைக் கட்டாகவும், பிரித்ததைச் சிட்டமாகவும் எண்ணுவது நலம். எடை மட்டும் பார்த்தால், மழைக்காலத்தில் ஈரத்தால் கூடும் எடை உண்மையான குறைவை மறைத்துவிடும்.

இரண்டாவது, காலியான சரக்கை அன்றே ஏட்டில் காலி என்று எழுதுவது. அலமாரி வெறுமையானதைப் பார்த்த ஊழியர், ஏட்டில் என்ன இருந்தாலும், வித்தியாசத்தைச் சேதாரம் என்று பதிந்து, மீதியைப் பூஜ்யமாக்கி, ஆர்டரும் எழுத வேண்டும். உறைந்து நிற்கும் ஏட்டுக்கு இது ஒன்றே மருந்து. கேட்டுத் திரும்பியவர்களின் எண்ணிக்கையையும் ஒரு தனித் தாளில் குறித்துவைத்தால், அடுத்த ஆண்டுக் கொள்முதல் பிழைபடாது.

மூன்றாவது, சில முறை எண்ணிய பின் சேதாரத்தின் வீதம் தெரிந்துவிடும். வாரம் ஒரு கிலோ என்று உறுதியானால், நிர்வாகக் குழுவின் ஒப்புதலுடன் வாரந்தோறும் ஒரு கிலோவை ஏட்டிலேயே கழித்து வரலாம். அதன் பின் ஏடு உண்மையை ஒட்டிச் செல்லும். ஆனால் இதனை நம்பி எண்ணுவதை விட்டுவிடலாகாது. உண்மைச் சேதாரம் மதிப்பீட்டைவிட மிகுதியாயின் காப்பிருப்பு முன்போலவே, ஆனால் மெதுவாக, கரையும்; குறைவாயின் வேண்டாத சரக்கு கிடங்கில் சேரும்.

இம்மூன்றும் நடைபெற வேண்டுமாயின், திருத்தப் பதிவு செய்யும் எழுத்தரைக் குற்றவாளியாகப் பார்க்கும் வழக்கம் ஒழிய வேண்டும். 2 சிட்டம் சேர்த்துக் கொடுத்ததை எழுதியதற்காக அத்தொகை அவருடைய சம்பளத்தில் பிடிக்கப்படுமாயின், அடுத்த முறை அவர் எழுத மாட்டார். திடீரென்று வீதம் மிகுந்தால் காரணம் விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் வழக்கமான சிறு சேதாரம் ஏட்டில் ஏறினால்தான் மிகுதியானது எது என்பதே நமக்குத் தெரியவரும்.

அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. சென்ற ஆண்டில் நூல் அல்லது உரம் இல்லை என்று நாம் திரும்பிய நாட்கள் எவை? அந்நாட்களில் இருப்புப் பதிவேடு காட்டிய மீதி எவ்வளவு? பதிவேட்டைப் புரட்டினால் சில நிமிடங்களில் இதற்கு விடை கிடைத்துவிடும்.